கசியும் வால்வும் ஏமாறும் சிறுநீரகமும்

பத்து வயதைத் தாண்டிய ஒரு சின்ன நாயின் இடது மார்பில், முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், ‘லப்-டப்’ கேட்க வேண்டிய இடத்தில் ‘உஷ்-டப், உஷ்-டப்’ என்று கேட்கலாம். கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர் அந்த உஷ் சத்தத்தை முதல் தடவை தானாகக் கண்டுபிடித்தவுடன் நோட்டில் எழுதுவது பெரும்பாலும் ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்றுதான். பரீட்சையில் அதற்கு மதிப்பெண் கிடைக்காது. நாய்க்கும் நல்லதில்லை. அந்தச் சத்தம் சொல்வது ஒன்றுதான்: மைட்ரல் வால்வு கசிகிறது. கசியும் வால்வோடு ஆண்டுக்கணக்கில் ஓடியாடி, தபால்காரரைத் துரத்திக்கொண்டு வாழும் நாய்கள் ஏராளம். கசிவு இதயச் செயலிழப்பாக எப்போது, எப்படி மாறுகிறது என்பதுதான் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம். நாய் வளர்ப்பவர்களுக்கும் அது தெரிந்திருந்தால் ஒரு ராத்திரி அது கைகொடுக்கும்.

நாய்களுக்கு வரும் இதய நோய்களில் முக்கால்வாசி இந்த வால்வுத் தேய்மானம்தான். பெரும்பாலும் சிறிய இனங்களைத் தாக்குகிறது. கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியலுக்கு இளவயதிலேயே வந்துவிடும். டாக்ஸ்ஹண்ட், பூடில், சிவாவா, பொமரேனியன் எல்லாம் வயதான பிறகு வரிசையில் நிற்கும். நம் வீடுகளில் பொமரேனியன் என்று சொல்லி வளர்க்கும் வெள்ளை நாய்களில் பல உண்மையில் ஸ்பிட்ஸ். பெயர் எதுவானாலும், வயதான சின்ன நாய் என்றால் மருத்துவர் அந்த இடத்தில் காது வைத்துக் கேட்காமல் அனுப்பக் கூடாது.

மைட்ரல் வால்வு இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே இருக்கிறது. நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் மேலறையில் சேர்ந்து, வால்வு வழியாகக் கீழறைக்கு இறங்கும். கீழறை சுருங்கும்போது வால்வின் இரண்டு இதழ்களும் மூடிக்கொள்ளும். ரத்தம் மகாதமனி வழியாக உடம்புக்குப் போகும். இதழ்கள் மேலே புரண்டுவிடாமல் மெல்லிய நாண்கள் கீழிருந்து பிடித்துக்கொண்டிருக்கும். இந்த நோயில் இதழ்களின் உள் இழைகள் குலைந்து, ஓரங்கள் தடித்து, முடிச்சு முடிச்சாக உருளும். நாண்கள் நீளும். கிருமித் தொற்று எதுவும் இல்லை; இழையே தன் கட்டுமானத்தை இழக்கிறது. தெருமுனை அடிபம்பில் அடி வால்வின் வாஷர் தேய்ந்தால், கைப்பிடியை ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் தண்ணீரில் ஒரு பங்கு மேலே வராமல் குழாய்க்குள்ளேயே திரும்பிப் போகுமே, அதேதான் இங்கேயும். கீழறை சுருங்கும்போது ஒரு பங்கு ரத்தம் உடம்புக்குப் போகாமல் மேலறைக்கே திரும்புகிறது. அந்தத் திரும்பல்தான் உஷ் சத்தம்.

8 கிலோ ஸ்பிட்ஸ் ஒன்றை வைத்துக் கணக்குப் போடலாம். எண்கள் சுமாரானவை, ஆனால் நடப்புக்குப் பக்கத்தில் இருப்பவை. நோய் வருமுன் அதன் கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் 20 மில்லி ரத்தத்தால் நிரம்புகிறது. அதில் 12 மில்லியை வெளியே தள்ளுகிறது. 8 மில்லி மிஞ்சுகிறது. நிமிடத்துக்கு 110 துடிப்பு என்றால் உடம்புக்கு 1,320 மில்லி கிடைக்கிறது. இப்போது வால்வு கெட்டு, தள்ளும் ரத்தத்தில் பாதி திரும்பிப் போகிறது என்று வையுங்கள். உடம்புக்குக் கிடைப்பது 6 மில்லிதான், நிமிடத்துக்கு 660. இப்படி ஒரே நாளில் பாதியாகக் குறைந்தால் நாய் மயங்கி விழும். நிஜத்தில் கசிவு ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதால், ஒவ்வொரு சின்னக் குறைவையும் உடம்பு உடனுக்குடன் ஈடுகட்டிவிடுகிறது. இந்த ஈடுகட்டலில்தான் பின்னால் வரப்போகும் வினை தொடங்குகிறது.

முதலில் விழித்துக்கொள்வது நரம்பு மண்டலம். ரத்த அழுத்தம் லேசாகக் குறைந்தாலும் பரிவு நரம்புகள் துடிப்பைக் கூட்டும், ரத்தக் குழாய்களை இறுக்கும். அடுத்தது சிறுநீரகம். தனக்கு வரும் ரத்தம் குறைகிறது என்று தெரிந்ததும் அது ரெனின் சுரக்கிறது. ரெனினிலிருந்து ஆஞ்சியோடென்சின், ஆஞ்சியோடென்சினிலிருந்து ஆல்டோஸ்டிரோன் என்று வரிசையாக வேலை நடந்து, உப்பும் தண்ணீரும் வெளியேறாமல் உடம்பிலேயே பிடித்துவைக்கப்படுகின்றன. இந்த ஏற்பாடு எதற்கு உருவானது என்று யோசித்தால் சிக்கல் விளங்கிவிடும். கடிபட்டு ரத்தம் கொட்டிய மிருகத்தைப் பிழைக்கவைப்பதற்கு உருவானது அது. ரத்தம் வெளியே போயிருந்தால் தண்ணீரைப் பிடித்துவைப்பது சரியான மருந்து. இங்கே ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. உள்ளேயே தவறான அறைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறது. சிறுநீரகத்துக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தன்னிடம் வருவது குறைகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

பிடித்துவைத்த தண்ணீர் ரத்தத்தின் மொத்த அளவைக் கூட்டுகிறது. கீழறை அதிகம் நிரம்புகிறது. இதயத் தசை எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவு பலமாகச் சுருங்கும். லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1914இல் நாய்களின் இதயத்தையும் நுரையீரலையும் தனியே ஓடவிட்டுக் காட்டிய விதி இது. மாதக்கணக்கில் இப்படி இழுபட்டுக்கொண்டே இருந்தால் தசைநார்கள் நீளவாக்கில் வளர்ந்து அறையே பெரிதாகிறது. நம் ஸ்பிட்ஸின் கீழறை இப்போது 34 மில்லி பிடிக்கிறது, 24 மில்லி தள்ளுகிறது. 12 முன்னால் போகிறது, 12 பின்னால். உடம்புக்கு வேண்டிய 12 மில்லி மறுபடி கிடைத்துவிட்டது! நாய் நன்றாக இருக்கிறது, சாப்பிடுகிறது, வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

எக்கோ எடுக்கும் மாணவர் வழுக்கி விழும் இடமும் இதுதான். நிரம்பியதில் எத்தனை சதவீதம் தள்ளப்படுகிறது என்று பார்த்தால், நோய் வருமுன் 60, இப்போது 70. ‘இதயம் முன்னைவிட ஜோராக வேலை செய்கிறது’ என்று அறிக்கை எழுதத் தோன்றும். ஆனால் இந்த 70க்குக் காரணம் தசையின் பலம் மட்டுமல்ல. மகாதமனியின் பக்கம் அழுத்தம் பாதரசக் கணக்கில் 120 மில்லிமீட்டர் வரை போகும். மேலறையின் பக்கம் 10 கூட இருக்காது. கசியும் வால்வு கீழறைக்கு ஒரு சுலபமான கொல்லைப்புற வாசலைத் திறந்துவிட்டிருக்கிறது. அந்த வழியாகத் தள்ளுவதற்குப் பெரிய பலம் வேண்டியதில்லை. ஆகவே இந்த நோயில் அந்தச் சதவீதம் ‘நார்மல்’ என்று சாதாரண அளவுக்கு இறங்கி வந்தால், தசை களைத்துப்போய்விட்டது என்று அர்த்தம். பாடப்புத்தகத்தில் அடிக்கோடு போட வேண்டிய ஒரு வரி உண்டென்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான்.

அறை பெரிதானதில் இன்னொரு கேடும் இருக்கிறது. வால்வு பொருந்தியிருக்கும் வளையமும் கூடவே அகல்கிறது. ஏற்கெனவே சுருண்ட இதழ்கள் இப்போது ஒன்றையொன்று எட்டிப் பிடிக்கவும் முடியாமல் போகிறது. கசிவு கூடுகிறது; கசிவு கூடுவதால் சிறுநீரகம் இன்னும் தண்ணீர் பிடிக்கிறது; அறை இன்னும் பெரிதாகிறது. கசிவு கசிவையே வளர்க்கும் இந்தச் சுழல் தொடங்கியதா இல்லையா என்பதை வைத்துத்தான் அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டி நாய்களைப் பிரிக்கிறது. சத்தம் மட்டும் இருந்து இதயம் அதிகம் பெரிதாகவில்லை என்றால் பி1. இதயம் கணிசமாகப் பெரிதாகி, ஆனால் நுரையீரலில் நீர் கோக்கவில்லை என்றால் பி2. நீர் ஒரு தடவையாவது கோத்துவிட்டால் சி. வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாமல் போனால் டி. செயலிழப்பு என்ற சொல் சி-க்கும் டி-க்கும்தான் பொருந்தும்.

அப்படியானால் பி2-வை சி-யாக மாற்றுவது எது? மேலறையின் அழுத்தம். திரும்பிவரும் 12 மில்லியை மேலறை வாங்கிக்கொள்ள வேண்டும். மெதுவாகப் பெரிதான மேலறை தளர்ந்து இடம் கொடுக்கும். அழுத்தம் கொஞ்சம்தான் ஏறும். அதனால்தான் எக்ஸ்-ரேயில் பயங்கரமாகப் பெரிதாகத் தெரியும் மேலறையோடு ஒரு நாய் சாதாரணமாக உலவ முடிகிறது. இடம் தீர்ந்தபின் வரும் ஒவ்வொரு மில்லியும் அழுத்தத்தை மளமளவென்று ஏற்றும். மேலறைக்குப் பின்னால் கதவு எதுவும் கிடையாது. நுரையீரல் நாளங்கள் நேராக அதில்தான் திறக்கின்றன. மேலறையில் ஏறிய அழுத்தம் அப்படியே நுரையீரலின் நுண்குழாய்களுக்குப் போய்விடும்.

நுண்குழாய்ச் சுவர் வழியாக நீர் எந்தப் பக்கம் போகும் என்பதற்கும் விடை தந்தவர் அதே ஸ்டார்லிங்தான், 1896இல். உள்ளிருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் இருக்கும் புரதம் அதை உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. இந்த இழுபறியில் புரதம் எதுவரை தாங்கும்? 1959இல் ஆர்தர் கைட்டனும் லிண்ட்சேயும் மயக்க நிலையில் இருந்த நாய்களின் இடது மேலறை அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்திப் பார்த்தார்கள். சுமார் 24 மில்லிமீட்டர் வரை நுரையீரலில் நீர் சேரவில்லை. அதைத் தாண்டியதும் சேரத் தொடங்கி, அழுத்தம் ஏற ஏற வேகமெடுத்தது. ரத்தப் புரதத்தைப் பாதியாகக் குறைத்த நாய்களில் அந்த எல்லை 11க்கே இறங்கிவிட்டது. ஆண்டுக்கணக்கில் நோய் இருக்கும் நாயில் நிணநீர்க் குழாய்கள் வேலை கற்றுக்கொண்டு இன்னும் கொஞ்சம் வடித்துக் கொடுக்கும் என்பதால் எல்லை சற்றுத் தள்ளிப்போகும். ஆனாலும் எல்லை உண்டு. அதைத் தாண்டும் நேரம்தான் இதயச் செயலிழப்பு.

மேலறை பெரிதாக அவகாசமே கிடைக்காத நாயும் உண்டு. இதழைப் பிடித்திருக்கும் பெரிய நாண் ஒன்று திடீரென்று அறுந்தால், நேற்றுவரை சிறிதாக இருந்த மேலறைக்குள் ஒரே துடிப்பில் ரத்தம் பாய்கிறது. இடம் கொடுக்கத் தெரியாத மேலறை. அழுத்தம் சில நிமிடங்களில் எல்லையைத் தாண்டும். மத்தியானம் பந்து விளையாடிய நாய் சாயங்காலம் மூச்சுக்குத் திணறும். எக்ஸ்-ரேயில் இதயம் அவ்வளவு பெரிதாகத் தெரியாததால் ‘இது இதயம் இல்லை, நிமோனியா’ என்று முடிவெடுத்துவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

நம் ஸ்பிட்ஸுக்கு வருவோம். அதற்கு இப்போது பதினோரு வயது. வீட்டு அம்மா சொல்வது, “டாக்டர், ஒரு மாசமா இருமிக்கிட்டே இருக்கு. நேத்து ராத்திரி படுக்கவே இல்ல, நின்னுக்கிட்டே இருந்துச்சு.” இந்த இரண்டு வாக்கியங்களில் மருத்துவர் பிடித்துக்கொள்ள வேண்டியது இரண்டாவது. இருமல் பலரையும் தவறான வழியில் இழுத்துக்கொண்டு போகும். இந்த வகைச் சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழல் தளர்ந்து அமுங்கும் நோயும் சர்வசாதாரணம்; பெருத்த மேலறை மூச்சுக் கிளைக்குழாயை அழுத்துவதாலும் இருமல் வரும். இரண்டிலும் நுரையீரலில் நீர் இல்லாமலே மாதக்கணக்கில் இருமலாம். படுக்க முடியாமல் நின்றுகொண்டே இருப்பது வேறு சங்கதி.

விரலைத் தொடை நாடியில் வைத்துக்கொண்டே இதயத்தைக் கேட்டால் இன்னொரு துப்பு கிடைக்கும். அமைதியாக இருக்கும் ஆரோக்கியமான நாயின் துடிப்பு சீராக இருக்காது: மூச்சை இழுக்கும்போது வேகமாகும், விடும்போது மெதுவாகும். கேட்டுப் பழகாதவர்கள் அதையே கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் அது பரிவு நரம்புகள் இன்னும் அடங்கி இருக்கின்றன என்பதன் அடையாளம். இருமும் நாயில் இந்த ஏற்ற இறக்கம் கேட்டால் இருமல் மூச்சுக்குழலிலிருந்து வர வாய்ப்பு அதிகம். நம் நாயில் அது மறைந்துவிட்டது. நிமிடத்துக்கு 170, கடிகாரம் போல. மூச்சு நிமிடத்துக்கு 60. நுரையீரலின் பின்மேல் பகுதியில் மெல்லிய நொறுநொறுப்பு. எக்ஸ்-ரேயில் இதயம் மேல்நோக்கி மூச்சுக்குழலைத் தூக்கியிருக்கிறது, அதன் பின்புறம் வெள்ளையாக மங்கிக் கிடக்கிறது. மூச்சுத் திணறும் நாயை எக்ஸ்-ரேக்காக மல்லாக்கப் படுக்கவைத்தே சாகடித்துவிட முடியும் என்பதால், ஆக்சிஜனும் முதல் ஊசியும் கொடுத்த பிறகு படம் எடுப்பதுதான் முறை.

முதல் ஊசி ஃபியூரோசமைட். கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று 16 மில்லிகிராம். ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கும் மருந்தில் 1.6 மில்லி. அது வால்வையும் தொடாது, தசையையும் தொடாது. சிறுநீரகம் பிடித்துவைத்த உப்பையும் நீரையும் வெளியேற்றி, மேலறை அழுத்தத்தை எல்லைக்குக் கீழே கொண்டுவரும், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்குள் நாய் தாராளமாகச் சிறுநீர் கழித்து, மூச்சு இறங்கத் தொடங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் திரும்பக் கொடுக்க வேண்டும். இதற்கு நேர் எதிரான தப்பு ஒன்றும் நடப்பதுண்டு: ‘சோர்வாக இருக்கிறது, சாப்பிடவில்லை’ என்று அரை லிட்டர் சலைன் ஏற்றிவிடுவது. 8 கிலோ நாயின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறத்தாழ 700 மில்லி. எல்லையின் விளிம்பில் நிற்கும் மேலறைக்கு 500 மில்லி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் அன்போடு ஊட்டும் அப்பளமும் ஊறுகாய்ச் சாதமும்கூடச் சின்ன அளவில் இதே வேலையைத்தான் செய்கின்றன.

ஃபியூரோசமைடுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. நீரை இறக்கியதும் சிறுநீரகம் மறுபடி ‘ரத்தம் குறைகிறதே’ என்று ரெனினைச் சுரக்கும். அதனால் நுரையீரலில் நீர் இல்லாத, இருமல் மட்டும் இருக்கும் பி2 நாய்க்கு இதை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கொடுப்பது, தூங்குகிற சுழலை நாமே தட்டி எழுப்புவது. சி நிலையில் இது இல்லாமல் முடியாது. ஆனால் கூடவே பிமோபெண்டன், ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்து, ஆல்டோஸ்டிரோனை எதிர்க்கும் ஸ்பிரோனோலாக்டோன் என்று சேர்ப்பதும், ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்ப்பதும் இதனால்தான்.

ரெனின் சங்கிலிதான் வில்லன் என்றால், அதைத் தடுக்கும் எனலாப்ரில் மாத்திரையைச் சத்தம் கேட்ட அன்றே தொடங்கிவிட்டால் என்ன? கேள்வி நியாயமானது. 2002இலும் 2007இலும் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகள் இதைப் பார்த்தன. செயலிழப்பு வருவதை எனலாப்ரில் உறுதியாகத் தள்ளிப்போட்டதாக இரண்டும் காட்டவில்லை. தள்ளிப்போட்டது பிமோபெண்டன். தசையின் சுருக்கத்தைப் பலப்படுத்தி, ரத்தக் குழாய்களையும் தளர்த்தும் மருந்து அது. தமனிகள் தளர்ந்தால் முன்வாசல் சுலபமாகிறது, கொல்லைப்புறம் போகும் ரத்தம் குறைகிறது, இதயம் சுருங்கிச் சிறிதாகிறது. 2016இல் வெளிவந்த ‘எபிக்’ ஆய்வில் பதினோரு நாடுகளைச் சேர்ந்த 360 நாய்கள். எல்லாமே பி2. மருந்து சாப்பிட்டவற்றில் செயலிழப்போ இதய மரணமோ வர ஆன காலம் நடுமதிப்பாக 1,228 நாள், வெற்று மாத்திரை சாப்பிட்டவற்றில் 766. நடுவில் எட்டிப் பார்த்த கணக்கிலேயே வித்தியாசம் தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். பி1 நாய்க்கு இதே பலன் உண்டென்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே சத்தம் கேட்டதும் மாத்திரை எழுதக் கூடாது. எக்கோவோ எக்ஸ்-ரேயோ எடுத்து இதயம் எவ்வளவு பெரிது என்று பார்த்தபிறகுதான்.

வீட்டிலிருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குக் கருவி வேண்டாம். நாய் அசந்து தூங்கும்போது மார்பு எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எழுந்து தாழ்ந்தால் ஒன்று. கனவு கண்டு காலை உதறும்போது எண்ணக் கூடாது, வெயிலில் இளைக்கும்போதும் கூடாது. 30க்குக் கீழே இருந்தால் நிம்மதி. எப்போதும் 20இல் இருக்கும் நாய் இரண்டு மூன்று நாளாக 28, 30 என்று ஏறினாலே மருத்துவரைக் கூப்பிடலாம்; 30ஐத் தாண்டி நின்றுவிட்டால் காத்திருக்கக் கூடாது. நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கும்போது திசு விறைத்து மூச்சு ஆழம் குறைவதால், எண்ணிக்கை முதலில் ஏறுகிறது. நொறுநொறுப்புச் சத்தமும் நின்றுகொண்டே இருப்பதும் அதற்கப்புறம்தான். நம் ஸ்பிட்ஸின் வீட்டில் ஒரு மாதமாக இதை எண்ணி வந்திருந்தால், அந்த ராத்திரி அவசர ஊசியாக இல்லாமல் பகலில் மாத்திரையாகவே முடிந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

இந்த மருந்துகள் எல்லாம் கசிவுக்கு உடம்பு காட்டும் எதிர்வினையைச் சமாளிப்பவை. கசிவு அப்படியேதான் இருக்கும். செயலிழப்பு வந்த நாய்களைப் பற்றிய 2008ஆம் ஆண்டு ஆய்வில், பிமோபெண்டன் சேர்த்தவை நடுமதிப்பாக 267 நாள் தாக்குப்பிடித்தன, பெனசெப்ரில் சேர்த்தவை 140 நாள். வால்வையே சரிசெய்வது அறுவைச் சிகிச்சைதான். ஜப்பானின் யோகோஹாமாவில் மசாமி உவேச்சி என்ற கால்நடை அறுவை மருத்துவரின் குழு அதைத் தொடர்ந்து செய்துவருகிறது: இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை வெளியே இயந்திரத்தில் ஓடவிட்டு, அறுந்த நாண்களுக்குப் பதில் செயற்கை இழைகளைக் கட்டி, அகன்ற வளையத்தைத் தைத்துச் சுருக்குகிறார்கள். நாய் 3 கிலோ, 4 கிலோதான் இருக்கும். இழையின் நீளம் கொஞ்சம் கூடினாலும் இதழ் மறுபடி மேலே புரளும், குறைந்தால் மூடவே மூடாது. செலவு லட்சக்கணக்கில். அதனால் நம் ஊர் ஸ்பிட்ஸுக்கு இன்றைக்கு வாய்த்திருப்பது மாத்திரைப் பட்டையும், தூங்கும்போது மூச்சை எண்ணிக் குறித்துவைக்க ஒரு நோட்டும்தான்.